என் சொல் நோட்டும் இலை லாரியும்

குன்னூரில் மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடையை வாசலில் சாத்திவிட்டு அவள் உள்ளே வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக ஒரு விடைத்தாள். அவள் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். இவள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். முதல்நிலைத் தேர்வைத் தாண்டியாயிற்று. விரிந்துரைக்கும் வகைத் தேர்வில்தான் ஒருமுறை கோட்டை விட்டிருந்தாள். இது இரண்டாவது முயற்சி.

பயிற்சி மையத்தில் வைத்த மாதிரித் தேர்வின் தாள் அது. கட்டுரைக்கு இருபதுக்கு ஏழு. அடியில் சிவப்பு மையில் ஒரே வரி: ‘வார்த்தைகள் இருக்கின்றன, வாதம் இல்லை.’

“டீச்சர், நீங்க கொடுத்த நோட்டை முழுக்க மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தமிழாசிரியையாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆரம்பித்தது. கட்டுரைக்குப் பயன்படும் சொற்களை எங்கே பார்த்தாலும் குறித்துக்கொள்வேன். அகரவரிசைப்படி ‘அ’வில் அணுக்கழிவு, ‘உ’வில் உயிர்ப்பன்மை, ‘த’வில் தாங்கு திறன், ‘ம’வில் மரபணு என்று நானூறு சொற்களுக்கு மேல் இருக்கும். எத்தனை பிள்ளைகள் நகல் எடுத்துப் போயிருப்பார்கள் என்று எனக்கே கணக்கில்லை. பணி ஓய்வு நாளில் அந்த நோட்டைப் பற்றி இரண்டு பேர் மேடையில் பேசினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அவள் எழுதிய கட்டுரையின் தலைப்பு ‘மலைப்பகுதிச் சுற்றுலாவும் சுற்றுச்சூழலும்’. இரண்டாவது பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: ‘சுற்றுச்சூழல் சீர்கேட்டால் உயிர்ப்பன்மை அழிந்து, புவி வெப்பமயமாதல் ஏற்பட்டு, மலைகளின் தாங்கு திறன் பாதிக்கப்பட்டு வருவது வேதனைக்குரியது.’

எல்லாமே என் நோட்டில் இருக்கிற சொற்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால், படித்து முடித்ததும் கையில் ஒன்றும் தங்கவில்லை. ஊட்டியில் கார் நெரிசல் என்பதற்கும் புவி வெப்பமயமாதலுக்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. அத்தனையையும் ‘ஏற்பட்டு’ என்ற ஒரு சொல்லில் தாண்டியிருந்தாள்.

“தாங்கு திறன்னா என்ன பாப்பா?”

“ஒரு இடம் எவ்வளவு பேரைத் தாங்குமோ, அந்த அளவு டீச்சர்.”

சரியான பதில். “அப்போ அது பாதிக்கப்படுமா, மீறப்படுமா?”

யோசித்தாள். “மீறப்படும்.”

அங்கேதான் எனக்கு உறைத்தது. அவளுக்குப் பொருள் தெரிந்திருக்கிறது. அந்தச் சொல் எந்த வினையோடு சேரும், அதற்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும், பின்னால் என்ன வரும் என்பதுதான் தெரியவில்லை. என் நோட்டில் தாங்கு திறனுக்கு மேலே ‘தரிசு நிலம்’, கீழே ‘தாது உப்பு’. அகரவரிசை அந்தச் சொல்லை அதன் சொந்தபந்தங்களிடமிருந்து பிரித்து, சம்பந்தமே இல்லாத இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்திருந்தது. வைத்தவள் நான்தான்.

“நோட்டை மூடிடு. மே மாசம் உங்க வீட்ல என்ன நடக்குதுன்னு சொல்லு” என்றேன்.

சொன்னாள். சீசன் வந்துவிட்டால் மேட்டுப்பாளையம் சாலை அடைத்துக்கொள்ளும். டவுனுக்கு வருகிற பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. போன வருடம் லைன் வீட்டில் ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறல் வந்து, ஆம்புலன்ஸ் வளைவில் மாட்டி நின்றது. தண்ணீர் லாரியும் தாமதம். அவள் பேசப் பேச நான் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன்: வருகை, நெரிசல், தாங்கு திறன், மீறல், கணிப்பு, வரம்பு. மேலிருந்து கீழாகப் படித்தால் அதுவே ஒரு வாதம். இத்தனை பேர் வருகிறார்கள், இந்தச் சாலை இவ்வளவுதான் தாங்கும், அது மீறப்படுகிறது, எவ்வளவு என்று கணிக்க வேண்டும், அதன்படி வரம்பு வைக்க வேண்டும்.

நீலகிரியில் நடந்ததும் ஏறக்குறைய இந்த வரிசைதான். சீசனில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வாகனங்கள் மலையேறுகின்றன என்ற விவரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 2024 ஏப்ரலில் நீதிமன்றம் இ-பாஸ் முறைக்கு உத்தரவிட, மே 7ஆம் தேதி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. மலைகளின் தாங்கு திறனைக் கணிக்கும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் போனது.

இவள் கட்டுரையில் அதை ஒரே வரியில் முடித்திருந்தாள்: ‘சுற்றுலா வாகனங்களுக்கு நீதிமன்றம் தடை விதித்தது.’

“தடையா விதிச்சாங்க? அந்த மே மாசம் பாஸ் கேட்டவங்க யாருக்காவது இல்லைன்னு சொன்னாங்களா?”

“இல்ல டீச்சர், எல்லாருக்கும் கிடைச்சுது. என் ஃப்ரெண்டு கோயம்புத்தூர்ல இருந்து வந்தா.”

அப்படியானால் 2024இல் நடந்தது வெறும் பதிவு. யார் வருகிறார்கள், எத்தனை வண்டி என்று கணக்கெடுக்கும் ஏற்பாடு. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்தது 2025இல்தான். ஏப்ரல் 1 முதல் ஜூன் முடிய, நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு. இதைக் கட்டுப்பாடு என்று சொல்லலாம். தடை என்று இப்போதும் சொல்ல முடியாது.

பதிவு, ஒழுங்குமுறை, கட்டுப்பாடு, தடை. நான்கையும் படிக்கட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிக் காட்டினேன். எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாமல் மேல் படிச் சொல்லை எடுத்துப் போட்டால், பிழை நடையில் இல்லை, தகவலிலேயே வந்துவிடுகிறது. திருத்துகிறவர் செய்தித்தாள் படிக்கிறவராக இருந்தால் அந்த வரியிலேயே பேனாவை ஊன்றிவிடுவார்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. தடை என்று எழுதிவிட்டதால், எதிர்த்தவர்களை அவளால் புரிந்துகொள்ள முடியவில்லை. ‘சிலர் சுயநலத்தால் எதிர்க்கின்றனர்’ என்று ஒரு வரி. 2025 ஏப்ரலில் நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்களே, அவர்களில் லாட்ஜ் முதலாளிகள் மட்டுமா இருந்தார்கள்? கேரட் விற்கிற அக்கா, டாக்ஸி ஓட்டுகிற அண்ணன், வர்க்கி போடுகிற பேக்கரிக்காரர்... இரண்டு மாத சீசன் வருமானத்தில் பத்து மாதத்தை ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கென்று தனியாகச் சில சொற்கள் வேண்டும்: வாழ்வாதாரம், பருவகால வருமானம், மாற்று ஏற்பாடு, ஈடு. இந்தச் சொற்கள் கையில் இருந்தால் ‘சுயநலம்’ என்று எழுதத் தோன்றாது.

அடுத்த ஞாயிறு அவள் தொழில்நுட்பக் கட்டுரையோடு வந்தாள். தலைப்பு, ‘தொழில்நுட்ப வளர்ச்சியும் வேலையிழப்பும்’. இந்த முறை உள்ளூர் உதாரணம் தேடிப் பிடித்திருந்தாள். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! என் கல்யாண ஆல்பத்தின் கறுப்பு வெள்ளைப் படங்களே ‘இந்து’ பிலிமில் எடுத்தவை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

அவள் எழுதியது: ‘டிஜிட்டல் கேமராவின் வருகையால் ஊட்டி பிலிம் தொழிற்சாலை மூடப்பட்டது.’

இந்த வரியை எத்தனையோ பேர் எழுதிப் பார்த்திருக்கிறேன். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால், தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை கொஞ்சம் இடிக்கிறது. நிறுவனம் 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்தது. எக்ஸ்-ரே பிலிமும் இங்கேதான் தயாரானது. 1990களில் இறக்குமதி தாராளமாகி, வெளிநாட்டு பிலிம்கள் சந்தையில் குவிந்தன. பாலியெஸ்டர் பிலிம் தயாரிக்கும் புதிய பிரிவுக்காக வாங்கிய கடனும் வட்டியும் ஒரு பக்கம் அழுத்தியது. 90களின் நடுவிலேயே அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. டிஜிட்டல் கேமரா நம் ஊர்க் கல்யாணங்களுக்கு வந்தது எப்போது? அதற்குப் பல வருடங்கள் கழித்து.

“அப்போ டிஜிட்டல் காரணமே இல்லையா டீச்சர்?”

“காரணம்தான். ஆனா என்ன மாதிரி காரணம்?”

அன்று ‘எது, எதனால்?’ என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் போட்டோம். அதில் பெயர்ச்சொற்களைவிட வினைகள்தான் அதிகம். விளைவித்தது, தூண்டியது, விரைவுபடுத்தியது, வழிவகுத்தது, முடித்து வைத்தது. ஒவ்வொன்றும் காரணத்தின் எடையை வேறு மாதிரி நிறுக்கிறது. கடனும் இறக்குமதிப் போட்டியும் நலிவை விளைவித்தன, டிஜிட்டல் அதை மீள முடியாமல் முடித்து வைத்தது என்று அவள் திருத்தி எழுதினாள். முன்பு எழுதியதைவிட நீளம் அதிகமில்லை. ஆனால், இப்போது அதை மறுத்துப் பேச வேண்டுமென்றால் எதிராளி விவரம் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

‘ஆல்’ என்ற வேற்றுமை உருபு நம் மொழியில் சற்று ஆபத்தானது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ‘மழையால்’, ‘செல்போனால்’, ‘அலட்சியத்தால்’ என்று எதையும் எதற்கும் காரணமாக்கிவிடலாம். இலக்கணப்படி தப்பே வராது. அதனால் அவளுக்கு ஒரு கட்டளை போட்டேன். ஒரு பத்தியில் ‘ஆல்’ ஒரு முறைக்கு மேல் வந்தால், இரண்டாவதை அடித்துவிட்டு வினையால் சொல்ல வேண்டும். முதல் வாரம் முனகிக்கொண்டே செய்தாள்.

மூன்றாவது தலைப்பு சுகாதாரம். அதற்கென்று தனியாகச் சொற்கள் தேடாமல், அந்தப் பக்கங்களையே எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்றேன். அவள் எடுத்துக்கொண்டது கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் அணு ரத்தசோகை. சிக்கிள் செல் என்று சொன்னால் பலருக்குத் தெரியும். ரத்தச் சிவப்பணுக்கள் வட்டமாக இல்லாமல் அரிவாள் போல வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அப்போது வருகிற வலி சாதாரண வலி அல்ல.

அவள் முதல் வரைவில் ‘குளிரால் இந்நோய் ஏற்படுகிறது’ என்று எழுதிவிட்டு, ‘ஆல்’ நினைவு வந்து தானே நிறுத்தினாள். ‘எது, எதனால்?’ பக்கத்தைப் புரட்டினாள். இது பெற்றோரிடமிருந்து வருகிற மரபுவழி நோய். அப்பா, அம்மா இருவருமே நோய்க் கடத்திகளாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கடத்திக்கு வெளியே பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. குளிர், உடலில் நீர் வற்றுதல், காய்ச்சல் போன்றவை நோயைத் தருவதில்லை, ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு வலியைத் தூண்டுகின்றன. பிலிம் தொழிற்சாலைக்காகப் போட்ட பக்கத்திலிருந்து ‘தூண்டுதல்’ என்ற சொல்லை எடுத்து நோய்க்குப் பொருத்திவிட்டாள்.

கடைசிப் பத்தியில் ‘இந்நோயை அடியோடு ஒழிப்போம்’ என்று இருந்தது. பெரியம்மையை ஒழித்தோம், போலியோவை நம் நாட்டில் ஒழித்தோம். தொற்றுகிற நோயில், பரவும் வழியை அடைத்தால் அது முடியும். மரபணுவில் இருப்பதை அப்படி அடைக்க முடியாது. 2023இல் மத்திய அரசு தொடங்கிய இயக்கமே 2047க்குள் ஒழிப்பது என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறது. அதன் வேலையைப் பார்த்தால் பரிசோதனை, கடத்திகளைக் கண்டறிதல், கல்யாணத்துக்கு முன் ஆலோசனை, சிகிச்சை. ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை வலி வருகிற தடவைகளைக் குறைக்கிறது. நோயை எடுத்துவிடுவதில்லை.

“அப்போ இதுக்கும் படிக்கட்டு இருக்கு டீச்சர்!” என்று அவளே எழுதினாள். தணித்தல், கட்டுப்படுத்துதல், தடுத்தல், ஒழித்தல். இ-பாஸுக்குப் போட்ட நாலு படிக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதி, மேலே ‘எதுவரை முடியும்?’ என்று தலைப்பு வைத்தாள். மாத்திரை எந்தப் படி, கல்யாணத்துக்கு முன் பரிசோதனை எந்தப் படி என்று அவளே குறித்தாள். எனக்கு அதில் திருத்த எதுவும் இருக்கவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஐந்தாவது வாரம் வரை. அப்புறம் ஒரு புது வியாதி ஆரம்பித்தது. அவள் எழுதிய மூன்று கட்டுரைகளும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தன. மூன்றாவது பத்தி தவறாமல் ‘ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு’ என்று தொடங்கியது. நான்காவது, ‘எனினும் இது முழுத் தீர்வாகாது’. பழைய நோட்டில் சொற்களை மனப்பாடம் செய்த மாதிரி, இப்போது வாதத்தையே மனப்பாடம் செய்துவிட்டாள். திருத்துகிறவர் ஒரே நாளில் நூறு தாள் பார்ப்பவர். அச்சில் வார்த்தது போன்ற பத்தியை அவர் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. கட்டுரையில் உள்ள ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்துவிட்டு ‘போதைப்பொருள்’ என்று எழுதிப் படிக்கச் சொன்னேன். படித்தாள். ‘போதைப்பொருள் குறித்த விழிப்புணர்வு இன்று இன்றியமையாததாகிறது’ என்ற வரி கொஞ்சமும் உறுத்தாமல் நின்றது. ‘அரசும் மக்களும் கைகோக்க வேண்டும்’ என்பதும் நின்றது. ‘பர்லியார் வளைவில் ஆம்புலன்ஸ் அரை மணி நேரம் நின்றது’ என்ற வரி மட்டும் பொருந்தாமல் துருத்தியது. துருத்துகிறதை வைத்துக்கொண்டு, பொருந்தியதையெல்லாம் அடித்தோம். ஒன்றரைப் பக்கக் கட்டுரை முக்கால் பக்கமாகச் சுருங்கியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“எழுத ஒண்ணுமே இல்லையே டீச்சர்” என்றாள்.

அன்று மாலை மழை வலுக்கவே, அவளைத் தேடிக்கொண்டு அவள் அம்மாவே வந்துவிட்டார். வேலை முடிந்து நேராக வந்திருந்தார், விரல் நுனிகளில் இலைக் கறை. காபி கொடுத்தேன். “நல்லா எழுதுறாளா டீச்சரம்மா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் முன்பே மகளிடம், “படி, நானும் கேக்குறேன்” என்றார்.

அவள் மிச்சமிருந்த முக்கால் பக்கத்தைப் படித்தாள். சாலை நெரிசல் பற்றிய பத்தியில், ‘இதனால் தேயிலைத் தொழிலும் பாதிப்புக்குள்ளாகிறது’ என்று ஒரு வரி வந்தது. ‘போதைப்பொருள்’ சோதனையில் எப்படியோ தப்பிய வரி.

“என்ன பாதிப்பு?” என்றார் அம்மா.

மகளுக்குப் பதில் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. முப்பது வருடம் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறேன்!

“இலை லாரி நின்னுபோச்சுன்னா கொழுந்து மூட்டைக்குள்ளயே சூடேறிடும். பறிச்ச இலை சும்மா இருக்காது, அதுக்குள்ளயே வெக்கை கிளம்பும். அமுக்கிக் கட்டின மூட்டைன்னா இன்னும் மோசம். கையை விட்டுப் பார்த்தா சுடும். அப்புறம் செவந்துடும். செவந்த இலையில நல்ல தூள் வராது. அன்னன்னிக்குப் பறிச்சதை அன்னிக்கே ஃபேக்டரிக்குக் கொண்டுபோயிடணும்.”

அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதிக்கொண்டே வந்தாள். நெரிசல், தாமதம், சூடேறுதல், சிவத்தல், தரக்குறைவு, விலை. ஒரு படிகூட விடுபடவில்லை. அதுவரை ‘சுற்றுலாவா, சுற்றுச்சூழலா’ என்று இரண்டு பக்கமாக மட்டும் இருந்த கட்டுரைக்குள், சுற்றுலாவும் வராத, கேரட்டும் விற்காத மூன்றாவது ஆள் ஒருவர் வந்து நின்றார். நெரிசலில் அவருக்கு லாபம் ஒரு பைசா இல்லை. நஷ்டம் மட்டும் வருகிறது.

“இதை எந்தப் பக்கத்துல எழுதுறது டீச்சர்?”

புதுப் பக்கம் திருப்பினோம். ‘யார் சுமக்கிறார்கள்?’ என்று தலைப்பு. முதல் வரிசையில் இலை மூட்டை. அதன் கீழே அவளாகவே மற்ற இரண்டையும் சேர்த்தாள். டிஜிட்டல் கேமரா ஊருக்கெல்லாம் வசதி, வேலை போனது பிலிம் தொழிற்சாலைக்காரருக்கு. சிகிச்சை ஊரில் இருக்கிறது, வலி வந்தவரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியது காட்டோரக் குடியிருப்பிலிருந்து.

தேர்வு எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. என் பழைய நோட்டை அவளிடமிருந்து திரும்ப வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். இப்போது கேட்டு வருகிற பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை. அவள் நோட்டைத்தான் நகல் எடுக்க அனுப்புகிறேன்.

அன்று கிளம்பும்போது, குடையை விரித்துவிட்டு அவள் அம்மா திரும்பி நின்றார். “டீச்சரம்மா, மூட்டையில கையை விட்டா சுடும்னு சொன்னேன்ல, அதையும் எழுதிட்டாளா பாருங்க. அதை விட்டுட்டா யாருக்குத் தெரியும்?”

எழுதியிருந்தாள்.